நகையைத் திருப்பி மறுபடி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் உள்ள சில மகளிர் குழுக்களுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். குழுக் கணக்கை முடித்ததும் அக்காமார் பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்துக் காட்டி, இதையும் கொஞ்சம் பாரு என்பார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான்: பழைய கடனைப் புதுக் கடன் எடுத்து அடைத்தால் என்ன? திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நகை பணயம் வச்சு ஒரு வருஷம் ஆச்சு. கையிலிருந்து ஒண்ணும் கெட்டாம, திருப்பி மறுபடி வச்சாச்சு. கடன் அப்படியேதானே இருக்கு?

இல்லை, கூடியிருக்கிறது. நீங்கள் கவுண்டரில் கையெழுத்துப் போட்டபோது இரண்டு காரியம் நடந்தது. பழைய கணக்கின் அசலும் வட்டியும் சேர்ந்து ஒரு தொகையாகி, அந்தத் தொகைக்கு உங்கள் பெயரில் புதுக் கடன் போடப்பட்டது. அந்தப் புதுக் கடன் பணத்தாலேயே பழைய கணக்கு முடிக்கப்பட்டது. உங்கள் கைக்குப் பைசா வரவில்லை, போகவும் இல்லை. அதனால்தான் எதுவும் நடக்காத மாதிரி தோன்றுகிறது.

பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் கடன் தொகை 1,00,000 என்று இருந்தால், புதியதில் 1,18,000 என்று இருக்கும். போன வருடத்து வட்டி 18,000 ரூபாய் இப்போது அசலாக மாறிவிட்டது. இனி அதற்கும் வட்டி ஓடும்.

ஒண்ணரை வட்டிதானே? அதுல என்ன பெரிய வித்தியாசம் வந்துரப் போவுது?

நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்றால் வருடத்துக்குப் 18 ரூபாய். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கணவர் விசைப்படகில் போகிறவர், மனைவிக்கு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை. 2021-இல் மகளின் படிப்புச் செலவுக்கு 5 பவுன் வைத்து 1,00,000 ரூபாய் எடுத்தார்கள். ஒவ்வொரு வருடமும் மறுபடி வைத்தார்கள், கையிலிருந்து ஒன்றும் கட்டவில்லை. முதல் வருட முடிவில் 1,18,000. இரண்டாம் வருட முடிவில் 1,39,240. மூன்றாம் வருடம் 1,64,303. நான்காம் வருட முடிவில், 2025-இல், 1,93,878. வாங்கியது ஒரு லட்சம், நிற்பது கிட்டத்தட்ட இரண்டு லட்சம். வீட்டில் எல்லாரும் ஒரு லட்சம் கடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வருடா வருடம் வட்டியை மட்டும் கையிலிருந்து கட்டியிருந்தால் 72,000 ரூபாய் போயிருக்கும், அசல் ஒரு லட்சத்திலேயே நின்றிருக்கும். அதே ஒன்றரை வட்டியில், மாதம் 2,938 ரூபாய் அசலும் வட்டியுமாகக் கட்டியிருந்தால் நான்கு வருடத்தில் கடனே முடிந்து நகை வீட்டுக்கு வந்திருக்கும். மொத்தம் கட்டியது சுமார் 1,41,000 ரூபாய்தான். மாதம் மூவாயிரம் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கஷ்டம் என்று தள்ளிவைத்தது 94,000 ரூபாய் கூடுதல் கடனாகத் திரும்ப வந்திருக்கிறது, நகையும் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பவுன் விலைதான் ஏறிட்டே இருக்கே! கடன் கூடினாலும் நகை மதிப்பும் கூடுதுல்லா?

மறுபடி வைக்கும் பழக்கம் இத்தனை வருடமாக யாரையும் பயமுறுத்தாமல் ஓடுவதற்குக் காரணமே இதுதான். மேலே சொன்ன வீட்டையே எடுங்கள். 2021 நடுவில் பவுன் 36,000 ரூபாய் வாக்கில் இருந்தது. ஐந்து பவுன் 1,80,000. கடன் ஒரு லட்சம், அதாவது நகை மதிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். 2025 நடுவில் பவுன் 72,000 வாக்கில் போயிற்று. ஐந்து பவுன் 3,60,000. கடன் 1,93,878. அப்போதும் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்! அதனால் பைனான்ஸ்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியும் கேட்காமல் புதுப்பித்துக் கொடுத்தார். நகை விலை கூடிய லாபத்தில் பாதிக்கு மேல் வட்டியாகப் போனது அந்த வீட்டுக்குத் தெரியவே இல்லை.

விலை ஏறாமல் நின்றிருந்தால்? ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு 75,000 வரைதான் கடன் என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி வரம்பு. 1,80,000-க்கு அது 1,35,000. இரண்டாவது வருட முடிவிலேயே கடன் 1,39,240 ஆகிவிட்டதால், மிச்சத்தைக் கையில் கொண்டுவா என்று சொல்லியிருப்பார்கள். நான்காவது வருடம் கடன் நகையின் மொத்த விலையையே தாண்டியிருக்கும். அப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். 2013 ஏப்ரலில் தங்கம் சட்டென்று விழுந்தது, அதற்குப் பிறகு ஐந்து வருடம்போல் பெரிதாக ஏறவும் இல்லை. 2025 அக்டோபரில் பவுன் 90,000-ஐத் தாண்டி உச்சத்துக்குப் போனபோதும், மாதக் கடைசிக்குள் பல ஆயிரம் இறங்கியது. உச்சத்தில் முழு வரம்புக்கும் எடுத்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதுப்பிக்கப் போனா அவங்களே, "கூடுதல் பைசா தாறோம், எடுங்க"ன்னு சொல்லுதாவ. எடுத்தா என்ன?

கூடுதல் தருவது உங்கள் வருமானம் கூடியதற்காக அல்ல, பவுன் விலை கூடியதற்காக. கட்ட வேண்டியது நீங்கள், பவுன் கட்டாது. முந்தின பதிலில் பார்த்த பாதுகாப்பு இடைவெளி, நகை மதிப்புக்கும் கடனுக்கும் நடுவில் இருப்பது, அதைத்தான் அந்தக் கூடுதல் பணம் தின்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு மாதிரி தவிர்க்க முடியாத தேவை என்றால் எடுங்கள். கவுண்டரில் கேட்டார்கள் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

இப்ப வட்டி கெட்டினாத்தான் புதுப்பிப்போம்ணு சொல்லுதாவ. வட்டிக்கு மட்டும் குழு லோன் எடுத்துக் கெட்டிரலாமா?

அவர்கள் சொல்வது உண்மைதான். நகைக் கடனுக்கான புது விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் பைனான்ஸ் நிறுவனங்களும் அதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகைக் கடன் என்றால், சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கலாம். வட்டி அசலோடு சேர்ந்து வளராமல் தடுப்பதுதான் நோக்கம். நல்ல விதி. ஆனால் அந்த வட்டிக்கு வெளியே கடன் வாங்கினால், விதி அடைத்த ஓட்டையை நாமே வேறு பக்கம் திறந்துவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு வட்டி 18,000 கட்ட வேண்டும். குழுவில் அவ்வளவு சின்னத் தொகை தரமாட்டார்கள், 30,000 எடுக்கிறீர்கள் என்று வைப்போம். மைக்ரோ பைனான்ஸில் வருடத்துக்கு 24 சதவீதம் என்பது சாதாரணம். இரண்டு வருடத் தவணை என்றால் மாதம் 1,586 ரூபாய் வரும். மிச்சம் 12,000 வீட்டுச் செலவில் கரைந்துவிடும். அடுத்த வருடம் நகைக்கு மறுபடியும் 18,000 வட்டி வந்து நிற்கும், அப்போது குழுத் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வருடம் இரண்டாவது குழுவில் எடுப்பீர்கள். மூன்று குழுவில் இருக்கிற அக்காமாரிடம் முதல் கடன் எதற்கு என்று கேட்டால், பலர் நகை வட்டியைத்தான் சொல்கிறார்கள்.

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. மாதம் 1,586 ரூபாய் குழுவுக்குத் தவறாமல் கட்டுகிறவரால், நகைக் கடனின் மாத வட்டி 1,500 ரூபாயை நேராகவே கட்ட முடியும். குழுவில் ஆள் வந்து கூப்பிடுவார், நகைக் கடனில் யாரும் கூப்பிட மாட்டார். வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் குழுத் தவணை நாளன்றே நகைக் கடனுக்கும் 1,500 என்று ஒதுக்கி, அன்றே கட்டி ரசீது வாங்குங்கள். ஒரு வருடம் முடியும்போது புதுப்பிக்க யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்காது.

நகையைத் திருப்ப ஒரு நாளைக்கு மட்டும் பைசா தாற ஆளு இருக்காரு. திருப்பினதும் வேற கம்பெனியில வச்சுக் குடுத்துரலாம்ணு சொல்லுதாரு. நம்பலாமா?

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். 1,18,000 ரூபாயைக் காலையில் கட்டி நகையை எடுப்பார், மதியம் இன்னொரு இடத்தில் கிராமுக்குக் கூடுதல் தொகைக்கு வைப்பார், தன் பணத்தையும் கமிஷனையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். கமிஷன் லட்சத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் வட்டி! அதுவும் வருடா வருடம். புது இடத்தில் மதிப்பீட்டுக் கட்டணம் தனி.

பணம் போவதைவிட நகை போவதுதான் பெரிய ஆபத்து. புதுச் சீட்டு அவர் பெயரில் போடப்பட்டால், காகிதத்தில் நகை அவருடையது. அவசரத்தில் இப்படிச் செய்யத்தான் வேண்டும் என்றால் வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு கவுண்டருக்கும் நீங்களே போங்கள். நகை கையில் வந்ததும் எடையைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். புதுக் கடன் உங்கள் பெயரில், உங்கள் கைப்பேசி எண்ணில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளிலோ காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்போ ஒரு கடனை எடுத்து இன்னொண்ண அடைக்கதே தப்பா? பேங்கில வட்டி கொறவுதானே?

தப்பில்லை. பைனான்ஸில் 18 ரூபாய் வட்டியில் இருப்பதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அதில் பாதி வட்டிக்கு மாற்ற முடிந்தால் தாராளமாக மாற்றுங்கள். நிலமோ மீன்பிடித் தொழிலோ இருந்தால் கிசான் கிரெடிட் கார்டு கிடைக்குமா என்றும் வங்கியில் கேளுங்கள், மீனவர்களுக்கும் அது உண்டு.

நல்ல மாற்றம் எது, வெறும் தள்ளிவைப்பு எது என்று பார்க்க நான் கேட்பது இரண்டே விஷயம். மாற்றிய பிறகு மொத்தக் கடன் தொகை கூடாமல் இருக்கிறதா? மிச்சமாகும் வட்டிப் பணம் அசலுக்குப் போகிறதா? 18 ரூபாயிலிருந்து 9 ரூபாய்க்கு மாறினால் ஒரு லட்சத்துக்கு மாதம் 750 ரூபாய் மிச்சம். அந்த 750-ஐயும் சேர்த்து, முன்பு கட்டிய 1,500-ஐயே தொடர்ந்து கட்டினால் அசல் குறையத் தொடங்கும். மிச்சத்தைச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, வருட முடிவில் மறுபடி வைத்தால் அது பழைய கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும்.

மாசா மாசம் கெட்டணும்ணு சொல்லுதிய. ஆனி, ஆடியில போட்டு போவாது, மழையில ரப்பர் வெட்டும் இல்ல. எங்க போவ பைசாக்கு?

நியாயமான கேள்வி. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மழை பிடித்தால் பால் வெட்டு நிற்கும், இலை உதிரும் காலத்திலும் நிற்கும். கடன் எடுத்த மாதத்தைப் பாருங்கள். இங்கே பலரும் நகை வைப்பது இந்த மாதங்களில்தான். அப்படியானால் ஒரு வருடம் கழித்துக் கெடு முடிவதும் அதே கையில் காசில்லாத மாதத்தில்தான். மறுபடி வைப்பதைத் தவிர வழியில்லாமல் போவது அதனால்தான்.

நகைக் கடனில் மாதத் தவணை என்று கட்டாயம் இல்லாத வகையில், கெடுவுக்கு முன்பே எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியைக் கட்டலாம். தடை முடிந்து கணவாய், மீன் நன்றாகப் படும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஐயாயிரம், பத்தாயிரம் என்று கட்டுங்கள். கட்டும் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும், அது தீர்ந்த பிறகே அசலில் கழியும். ரசீதில் அசல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து வாங்குங்கள். ஒன்றரை வட்டியில், பத்தாயிரம் அசல் குறைந்தால் மாதம் 150 ரூபாய் வட்டி குறையும். அடுத்த முறை கடன் எடுக்க நேர்ந்தால், கெடு சீசன் மாதத்தில் முடிகிற மாதிரி நாளைப் பாருங்கள்.

நகையை வித்து அடைச்சா நஷ்டம்லா? ஒரு தடவ போனா பின்ன வாங்க முடியுமா?

மனசுக்கு வலிக்கும், அதை நான் சின்னதாகச் சொல்லவில்லை. ஆனால் அதே 2021 வீட்டின் கணக்கு இது. 2025 நடுவில் கடன் 1,93,878. நகை ஒரு மூன்று பவுன் செயின், இரண்டு பவுன் வளையல். செயினை விற்றால் 72,000 விலைக்கு 2,16,000. உருக்குச் சேதாரம் என்று கழித்தாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் கையில் வரும். கடன் முழுவதும் தீர்ந்து, வளையல் இரண்டும் வீட்டுக்கு வரும். விற்காமல் இன்னொரு வருடம் மறுபடி வைத்தால் வட்டி மட்டும் 34,898, அந்த விலைக்கு அரைப் பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதாவது விற்காமலே வருடத்துக்கு அரைப் பவுன் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் செயினை விற்றார்கள். அந்த அக்கா அன்றைக்கு அழுதது உண்மை.

எல்லாரும் விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. கடந்த இரண்டு புதுப்பித்தலிலும் கையிலிருந்து வட்டி கட்ட முடியவில்லை, அடுத்த வருடமும் வருமானம் கூட வழியில்லை என்றால், ஒரு நகையை விற்று மற்றதைக் காப்பாற்றுவதே மேல். இனி வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே சீட்டில் போடாமல், ஒவ்வொரு நகைக்கும் தனிச் சீட்டாகக் கேளுங்கள். அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திருப்ப முடியும். பல இடத்தில் சீட்டு இருந்தால் வட்டி கூடியதை முதலில் திருப்புங்கள்; வட்டி ஒன்றுதான் என்றால் சின்னத் தொகையை.

ஏல நோட்டீஸ் வந்துட்டு. கைவட்டிக்காவது எடுத்துத் திருப்பிரணும்லா?

அந்த அவசரத்தில் எடுக்கும் கடன்தான் வீட்டையே விழுங்குகிறது. நூற்றுக்கு மாதம் ஐந்து, பத்து என்று கேட்கும் இடத்தில் வாங்கினால், ஒன்றரை வட்டிக் கடனை அடைக்க அதைவிடப் பல மடங்கு வட்டியில் சிக்குவீர்கள். முதலில் கிளைக்குப் போய், இன்றைய தேதிக்கு மொத்தம் எவ்வளவு, இப்போது வட்டியை மட்டும் கட்டினால் ஏலம் நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பல நேரம் வட்டி கட்டினாலே நிறுத்துவார்கள்.

நிற்காது என்றால், ஏலம் போனால் மிச்சம் எவ்வளவு வரும் என்று கணக்கிடுங்கள். புது விதிப்படி ஏலத்தின் ஆரம்ப விலை அன்றைய நகை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாவிட்டால்தான் 85. கடன் போக மிச்சப் பணம் உங்களுடையது, அதைத் திருப்பித் தர வேண்டும். சரியான பதில் வராவிட்டால் முதலில் அந்த நிறுவனத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கைவட்டிக்காரர் மிரட்டினால் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

தேர்தல் வரும்போ தள்ளுபடி வருமே, அதுவரை புதுப்பிச்சிட்டே இருக்கலாமே?

2021-இல் வந்த தள்ளுபடி கூட்டுறவு நிறுவனங்களில், 5 பவுன் வரைக்கு வைத்த நகைக் கடனுக்குத்தான். பைனான்ஸிலும் மற்ற வங்கிகளிலும் வைத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. கூட்டுறவிலேயே நிபந்தனையில் அடிபட்டுப் போனவர்கள் நிறையப் பேர். எதிர்பார்த்து வட்டி கட்டாமல் விட்டவர்களுக்கு வட்டிதான் சேர்ந்தது.

மருமவளுக்க நகைய அவளுக்குத் தெரியாம வச்சிருக்கேன். கல்யாண வீடு வருது, அதுக்கு முந்தி திருப்பியாகணும். கடன் எடுத்தாவது திருப்பட்டா?

இந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் கேட்பார்கள். இந்த நிலைமையில் எடுக்கிற கடன்தான் எல்லாவற்றிலும் மோசமானது. நாள் நெருங்குவதால் வட்டி என்ன என்று கேட்கவே மாட்டீர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் அதே நகையை மறுபடி வைத்துத்தான் அந்தக் கைக்கடனை அடைப்பீர்கள். ஒரு நாள் கழுத்தில் போட்டதற்காகச் சில ஆயிரம் போகும், அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும் இதே ஓட்டம்.

வீட்டில் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் பதில், கணக்கோடு சொல்லுங்கள். சீட்டை எடுத்து, எப்போது எவ்வளவு வாங்கியது, இன்றைக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டினால் எப்போது முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள். நகை அவளுடையது, அதை விற்பதா திருப்புவதா என்று சொல்லும் உரிமையும் அவளுக்குத்தான். மகன் வெளிநாட்டில் இருந்தால் அவரிடமும் அதே தாளைக் காட்டுங்கள். நான் எழுதிக் கொடுத்த இரண்டு மூன்று வீட்டில் முதல் வாரம் பேச்சு முற்றியது, அப்புறம் மாதத் தவணையைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள்.